எந்தப் பட்டறை நின்றால் எந்த ஆர்டர் நிற்கும்?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் முழுவதும் ஒரே கூரையின் கீழ் உருவாவது அபூர்வம். நூல் ஒரு மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் வேறோர் இடம். பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி யூனிட்டுகள். எக்ஸ்போர்ட் கம்பெனி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இத்தனை பேருக்கும் நடுவே சரக்கை நகர்த்தி, குறித்த தேதியில் கண்டெய்னரில் ஏற்றும் அமைப்புதான். அதனால் யார் யாரை நம்பியிருக்கிறார்கள் என்று ஒரே தாளில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இந்த ஊரில் எவருக்கும் இயல்பாக வரும்.

அதற்கென்றே ஒரு படவகை இருக்கிறது. ஒவ்வொரு சப்ளையரும் ஒரு புள்ளி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சரக்கு போனால் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு. போகும் திசையைக் காட்ட ஒரு அம்புக்குறி. இவ்வளவுதான் இலக்கணம். இதை வரைந்து தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் முதல்முறை வரைபவர்களில் பெரும்பாலோர் கையில் கிடைப்பது சிக்கு விழுந்த நூல்கண்டு. அதைச் சுவரில் ஒட்டலாம், மீட்டிங்கில் காட்டலாம். அதைப் பார்த்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. ஏன் அப்படி ஆகிறது, படிக்கக்கூடிய படமாக அதை எப்படி வரைவது என்பதை ஓர் உதாரணக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம்.

கம்பெனி கற்பனை, அளவு நடுத்தரம். நூல் மில்கள் 5, நிட்டிங் 9, சாயப்பட்டறைகள் 6, காம்பாக்டிங் 4, பிரிண்டிங் 5, எம்பிராய்டரி 3, வெளியே ஜாப் ஒர்க் எடுக்கும் தையல் யூனிட்டுகள் 14. லேபிள், பட்டன், ஜிப், எலாஸ்டிக், பாலிபேக், அட்டைப்பெட்டி தருகிறவர்கள் 18 பேர். மொத்தம் 64 சப்ளையர்கள்.

கணக்குப் பிரிவிலிருந்து பர்ச்சேஸ் லெட்ஜரை வாங்கி அப்படியே மென்பொருளுக்குக் கொடுத்தால் என்ன வரும்? நடுவில் கம்பெனி, சுற்றிலும் 64 கோடுகள். சூரியன் படம்போல ஒன்று. பார்க்கச் சுத்தமாக இருக்கும், சொல்வதோ ஒன்றுமில்லை. 64 பேருக்கும் நாம் பணம் தருகிறோம் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். காரணம் எளிது: லெட்ஜரில் பதிவாவது பணம் போன வழி. நமக்கு வேண்டியது சரக்கு போன வழி. நிட்டிங் முடிந்த துணி பல சமயம் நம் கம்பெனிக்கு வருவதே இல்லை, நேராகச் சாயப்பட்டறைக்குப் போய்விடுகிறது. அந்தப் பயணம் இருப்பது டி.சி.யில், அதாவது டெலிவரி சலானில். எந்த யூனிட்டிலிருந்து எந்த யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்று டி.சி. கட்டுகளிலிருந்து எடுத்தால்தான் உண்மையான கோடுகள் கிடைக்கும்.

எடுக்கும்போதே ஒரு வேலை காத்திருக்கிறது. ஒரே பட்டறை நம் பதிவுகளில் 'ஸ்ரீ' சேர்த்து ஒரு முறை, சேர்க்காமல் ஒரு முறை, 'டையிங்' என்று ஒரு முறை, 'டையர்ஸ்' என்று ஒரு முறை இருக்கும். மென்பொருளுக்கு அவை நான்கு புள்ளிகள். ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து இவற்றைச் சேர்க்கலாம். அந்த எண்ணின் 15 இலக்கங்களில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். ஆனால் இதையே முழுதாக நம்பிவிடக் கூடாது. ஒரே நிறுவனத்துக்கு ஒரே மாநிலத்தில் இரண்டு இடங்களில் யூனிட் இருந்தாலும் ஜி.எஸ்.டி. எண் ஒன்றாகவே இருக்கலாம். மாறாக, ஒரே வளாகத்தில் அண்ணன் பெயரில் ஒரு நிறுவனம், தம்பி பெயரில் ஒரு நிறுவனம் என்று இரண்டு எண்கள் இருக்கலாம். கரண்ட் போனால், வெள்ளம் வந்தால் நிற்பது இடம், நிறுவனத்தின் பெயரல்ல. ஆகவே எது நின்றால் எது நிற்கும் என்று பார்க்க வரையும் படத்தில் புள்ளி என்பது ஓர் இடமாக இருக்க வேண்டும். பதிவு இல்லாத சின்ன ஜாப் ஒர்க்கர்களுக்கு ஜி.எஸ்.டி. எண்ணே இருக்காது, அங்கே போன் நம்பரும் தெருவும்தான் அடையாளம்.

இப்படி ஓர் ஆண்டின் டி.சி.களைச் சேர்த்தால் நம் கற்பனைக் கம்பெனிக்கு சுமார் 230 கோடுகள் வருவதாக வைத்துக்கொள்வோம். இதை மென்பொருளிடம் கொடுத்தால்தான் அந்த நூல்கண்டு பிறக்கிறது.

பெரும்பாலான மென்பொருள்கள் தாமாகத் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றுண்டு. 1984-ல் பீட்டர் ஈட்ஸ் முன்வைத்து, 1991-ல் ஃப்ருக்டர்மன், ரைன்கோல்ட் இருவரும் மேம்படுத்திய முறை அது. எல்லாப் புள்ளிகளும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். கோடுகள் ஸ்பிரிங்போல உள்ளே இழுக்கும். இரண்டும் சமநிலைக்கு வரும் இடத்தில் படம் நிற்கும். உறவுகள் குறைவாக, தெளிவான குழுக்களாக இருந்தால் இந்த முறை நன்றாக வேலை செய்யும். சப்ளையர் வலையில் அது தடுமாறக் காரணம், எல்லோரோடும் தொடர்புள்ள புள்ளிகள் இருப்பது. அட்டைப்பெட்டிக்காரர், பாலிபேக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாக நம் கம்பெனி. இவர்களிடமிருந்து எல்லாப் பக்கமும் கோடு போவதால் எல்லாப் புள்ளிகளும் நடுப்பக்கம் இழுபட்டுக் குவிகின்றன.

இந்த முறையில் இன்னோர் ஆபத்தும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. படத்தில் இரண்டு பட்டறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவற்றுக்குள் ஏதோ நெருக்கம் என்று கண் முடிவு செய்துவிடும். உண்மையில் அது கணக்கின் விளைவாகத் தற்செயலாக விழுந்த இடமாகவும் இருக்கலாம். அதே தரவை மறுபடி ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் தொடக்க இடங்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்படுவதால் படம் வேறு மாதிரி வரும். இரண்டு முறை ஓட்டினால் இரண்டு கதை சொல்கிற படத்தை வைத்து சப்ளையரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கக் கூடாது.

சிக்கலை அவிழ்க்கும் முதல் வேலையை மென்பொருள் செய்யாது. படத்திடம் என்ன கேட்கப் போகிறோம் என்று நாம்தான் ஒரு வரியில் எழுத வேண்டும். "நம் சப்ளையர்கள் எல்லோரையும் காட்டு" என்பது கேள்வியே அல்ல. "இந்த ஆர்டரில் எந்தச் சாயப்பட்டறை நின்றால் எவ்வளவு துணி நிற்கும்?" என்பது கேள்வி. எழுதிய உடனே பாதிப் புள்ளிகள் தாமாக உதிர்ந்துவிடுகின்றன. 30,000 குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கான ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். துணி சுமார் 4,500 கிலோ. இதில் சம்பந்தப்பட்டவை 2 நூல் மில்கள், 4 நிட்டிங், 3 சாயப்பட்டறைகள், 2 காம்பாக்டிங், 1 பிரிண்டிங், தையல் யூனிட்டுகள், லேபிள் தருகிறவர். 64 பேர் கொண்ட பட்டியல் ஒரு தாளுக்குள் வந்துவிட்டது.

அடுத்து, நம் கம்பெனியைப் படத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் எல்லோரோடும் தொடர்புள்ள புள்ளி யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை. அதன் கோடுகள் மற்றவற்றை மறைக்கத்தான் செய்கின்றன. அட்டைப்பெட்டிக்காரருக்கும் இதே விதி. அவர் பெயரைப் படத்தின் ஓரத்தில் 'எல்லா ஆர்டருக்கும்' என்று எழுதி வைத்தால் போதும்.

தையல் யூனிட்டுகள் 14-ஐயும் தனித்தனியாக வரையத் தேவையில்லை. அவை ஒரே இடத்திலிருந்து துணி வாங்கி ஒரே இடத்துக்கு அனுப்புகின்றன. ஒன்று நின்றால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒன்றாக இருக்கிற புள்ளிகளை ஒரே பெட்டியாக்கி, 'தையல் (14)' என்று எண்ணிக்கையோடு எழுதலாம். இந்தக் கேள்வியைப் பொறுத்தவரை அதனால் எந்தத் தகவலும் போகாது. அந்த 14-ல் ஒன்றிடம் மட்டும்தான் ஒரு விசேஷ மிஷின் இருக்கிறது என்றால் அதைப் பெட்டிக்கு வெளியே தனியாகக் காட்ட வேண்டும்.

பெரும்பாலோர் தவறுவது இதற்குப் பிறகுதான். கோடுகளைக் குறைக்க எளிய வழியாக, "இத்தனை ரூபாய்க்குக் கீழே உள்ளதை எடுத்துவிடு" என்று வைப்பார்கள். படம் பளிச்சென்று ஆகிவிடும். கூடவே லேபிள் சப்ளையரும் காணாமல் போய்விடுவார். துணி விலையோடு பார்த்தால் லேபிளின் விலை சொற்பம். ஆனால் அந்த லேபிளை இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று பையரே குறித்துக் கொடுத்திருந்தால், அது வராமல் ஒரு பெட்டிகூடக் கப்பலேறாது. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் பொருத்தும் ஒரு சின்ன வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கையில் இருந்த இருப்பு தீர்ந்ததும் ஜப்பானில் டொயோட்டாவின் அசெம்பிளி லைன்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. ரூபாயை வைத்து வடிகட்டியிருந்தால் அந்த வால்வு படத்திலேயே இருந்திருக்காது. வடிகட்ட வேண்டியது விலையைப் பார்த்து அல்ல. இவருக்குப் பதில் இன்னொருவர் எத்தனை நாளில் கிடைப்பார் என்பதைப் பார்த்து. நாளைக்கே கிடைப்பார் என்றால் தைரியமாக அந்தக் கோட்டை அழிக்கலாம். மூன்று வாரம் ஆகும் என்றால் ஐம்பது பைசா பொருளானாலும் அது படத்தில் இருக்க வேண்டும்.

புள்ளிகள் குறைந்தாயிற்று. இனி அவற்றை எங்கே வைப்பது? சப்ளையர் வலைக்கு இயல்பாகவே ஒரு திசை இருக்கிறது. நூலிலிருந்து துணி, துணியிலிருந்து சாயம், சாயத்திலிருந்து காம்பாக்டிங். ஆகவே இடமிருந்து வலமாகப் பத்திகள் வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். இப்படி அடுக்குகளாக வரைவதற்கு 1981-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோசோ சுகியாமா, தகாவா, தோடா மூவரும் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. அதன் மைய வேலை, ஒரு பத்திக்குள் யாரை மேலே வைப்பது, யாரைக் கீழே வைப்பது என்று தீர்மானித்து, கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதைக் குறைப்பது. வெட்டுக்களைக் குறைப்பது வெறும் அழகுக்காக அல்ல. ஹெலன் பர்ச்சேஸ் 1997-ல் வெளியிட்ட சோதனையில், படத்தைப் புரிந்துகொள்வதை அதிகம் கெடுப்பது கோடுகள் வெட்டிக்கொள்வதுதான் என்று தெரியவந்தது.

இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். நம் ஆர்டரில் நிட்டிங் யூனிட்டுகள் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 என்று நிற்கின்றன. சாயப்பட்டறைகள் அ, ஆ, இ. பட்டறை அ-வுக்கு 3, 4 இரண்டிலிருந்தும் துணி வருகிறது. ஆ-வுக்கு 1, 2. இ-க்கு 2, 4. பெயர் வரிசைப்படி அ, ஆ, இ என்று மேலிருந்து வைத்து ஆறு கோடுகளையும் இழுத்துப் பாருங்கள்; ஆறு இடங்களில் வெட்டிக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு பட்டறைக்கும் அதன் நிட்டிங் எண்களின் சராசரியை எடுங்கள். அ-வுக்கு 3-ம் 4-ம் சேர்ந்து சராசரி 3.5. ஆ-வுக்கு 1.5. இ-க்கு 3. சிறியது மேலே என்ற வரிசையில் ஆ, இ, அ என்று மாற்றி வையுங்கள். அதே ஆறு கோடுகள்தான். வெட்டு ஒரே ஒன்று. தரவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, பட்டறைகள் நிற்கும் வரிசை மட்டுமே மாறியது. பத்திகள் அதிகமானால் இதையே இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் சில முறை திருப்பிச் செய்ய வேண்டும். கிராஃப்விஸ் என்ற இலவச மென்பொருளில் உள்ள `dot` இந்த வழியில்தான் வேலை செய்கிறது. நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் நடுவே உள்ள பகுதியை மட்டும் அதற்கு இப்படி எழுதிக் கொடுக்கலாம்:

```
digraph {
  rankdir=LR;
  node [shape=box];
  "நிட்டிங் 1" -> "பட்டறை ஆ";
  "நிட்டிங் 2" -> "பட்டறை ஆ";
  "நிட்டிங் 2" -> "பட்டறை இ";
  "நிட்டிங் 4" -> "பட்டறை இ";
  "நிட்டிங் 3" -> "பட்டறை அ";
  "நிட்டிங் 4" -> "பட்டறை அ";
}
```

இரண்டாவது வரி படத்தை இடமிருந்து வலமாக ஓடச் சொல்கிறது. மூன்றாவது வரி புள்ளிகளைப் பெட்டிகளாக்குகிறது. பெயரை உள்ளேயே எழுதலாம் என்பதால் பெட்டி வசதி. வரிசையை அது தானே பார்த்துக்கொள்ளும்.

கோட்டின் தடிமனை ஒரே ஒரு விஷயத்துக்குத் தரலாம். இங்கே அது கிலோ. நிறத்தையும் ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை வகைக்கு நிறம், ஊருக்கு வடிவம், பாக்கிப் பணத்துக்கு அளவு என்று எல்லாவற்றையும் ஏற்றினால், கோடுகளில் அவிழ்த்த சிக்கல் நிறங்களில் மறுபடி விழும். பத்தியே வேலை வகையைச் சொல்லிவிடுவதால் நிறம் இப்போது கையில் மிச்சம் இருக்கிறது. அதற்கு இனிதான் வேலை.

இந்த ஆர்டரில் பட்டறை அ சாயமேற்றுவது 2,000 கிலோ, இ 1,600 கிலோ, ஆ 900 கிலோ என்று கொள்வோம். மூன்று பட்டறைகள் இருக்கின்றன, ஒன்று நின்றாலும் மற்ற இரண்டு இருக்கின்றன என்று படம் ஆறுதல் சொல்கிறது. அந்த ஆறுதல் சரிதானா என்று பார்க்க, எந்த டி.சி.யிலும் இல்லாத ஒரு விவரத்தைக் கேட்டு வாங்க வேண்டும்: சாயக்கழிவு நீர் எங்கே போகிறது? திருப்பூரில் பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகின்றன; சில பட்டறைகளுக்குச் சொந்த நிலையம் இருக்கிறது. அ-விலும் இ-யிலும் கேட்டால், "பொது பிளாண்ட்டுக்குத்தானுங்க போகுது" என்ற பதிலோடு ஒரே நிலையத்தின் பெயர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையத்தை ஒரு புதிய பெட்டியாகச் சேர்த்து, அ-வையும் இ-யையும் புள்ளிக்கோட்டால் அதோடு இணைத்து, மூன்றுக்கும் ஒரே நிறம் கொடுங்கள். 4,500 கிலோவில் 3,600 கிலோ, அதாவது 80 சதவீதம், அந்த ஒரே நிலையத்தை நம்பியிருப்பது கண்ணில் படும். மூன்று பட்டறைகள் என்று எண்ணியது உண்மையில் இரண்டே வழிகள். அதிலும் ஒன்று மெலிந்தது.

இது வெறும் கணக்கல்ல. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாமல் திறக்க முடியாது என்றானது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. எத்தனை பட்டறைகளோடு வியாபாரம் வைத்திருந்தாலும், அத்தனையும் ஒரே ஆற்றங்கரையில், ஒரே உத்தரவின் கீழ் இருந்தால் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பில்லை என்று ஊரே பார்த்தது. அதே ஆண்டு மார்ச் 11-ல் ஜப்பானில் நிலநடுக்கம் வந்தபோது கார் கம்பெனிகளும் இதையே கண்டன. வெவ்வேறு சப்ளையர்களிடம் வாங்கிய உதிரிபாகங்களுக்குள் இருந்த சிப்புகளில் பல, இபராக்கி மாகாணத்தில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலை ஒன்றிலிருந்து வந்தவை. நேரடி சப்ளையர்களைப் பார்த்தபோது பல கிளைகளாக விரிந்தது, இரண்டு மூன்று படிகள் தள்ளி ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. சப்ளையர் படத்தை இவ்வளவு பாடுபட்டுச் சுத்தமாக வரைவதற்கு என் பார்வையில் இதுவே முதல் காரணம். 230 கோடுகள் உள்ள நூல்கண்டிலும் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்க்கலாம், ஆனால் அதில் போய்ச் சேரும் இரண்டு கோடுகளை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

படம் தேறியதா என்று தெரிந்துகொள்ள, அதை வரையாத ஒருவரிடம் கொடுங்கள். புரொடக்‌ஷன் மேனேஜரோ மெர்ச்சண்டைசரோ யாராவது இருப்பார்கள். "பட்டறை இ நாளைக்கு நின்றால் எந்த நிட்டிங் யூனிட்டின் துணி தேங்கும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் விரல் நேராக 2-க்கும் 4-க்கும் போனால் படம் சரி. விரல் ஒரு கோட்டில் ஏறி, வெட்டும் இடத்தில் வேறு கோட்டுக்குத் தாவினால், எந்த இடத்தில் தாவியதோ அங்கேதான் திருத்த வேண்டும். விளக்கம் சொல்லி அவரைத் திருத்த வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதும் அந்தப் படத்தை யாராவது படிக்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு முயன்றாலும் அவிழாத வலைகளும் உண்டு. எல்லா ஆர்டர்களையும், எல்லா யூனிட்டுகளையும் சேர்த்தே பார்த்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் கோடுகளை விட்டுவிட்டுக் கட்டங்களுக்குப் போவது நல்லது. நிட்டிங் யூனிட்டுகளை இடப்பக்கம் வரிசையாகவும், சாயப்பட்டறைகளை மேலே வரிசையாகவும் எழுதி, சரக்கு போகும் கட்டத்தை மட்டும் கறுப்பாக்கினால் போதும், எக்ஸலிலேயே செய்யலாம். கோனியம், ஃபெக்கெட், கஸ்தக்லியோலா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2004-ல் இரண்டு வகையையும் ஒப்பிட்டார்கள். புள்ளிகள் இருபதைத் தாண்டினால் பெரும்பாலான கேள்விகளுக்குக் கட்டமே மேல் என்றும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்த வழியாகப் போகலாம் என்று தேடுவதற்கு மட்டும் புள்ளியும் கோடும் உள்ள படமே சிறந்தது என்றும் கண்டார்கள். யாருக்கு எத்தனை பேரோடு தொடர்பு என்று எண்ணக் கட்டம். எது நின்றால் எது நிற்கும் என்று பின்தொடரக் கோடு.

எப்படி வரைந்தாலும் இந்தப் படம் உறவை மட்டுமே காட்டும். பட்டறை ஆ-விடம் மீதி 3,600 கிலோவையும் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மிஷின் இருக்கிறதா, அந்த நிறத்தைப் பிடிக்கத் தெரியுமா என்பதை அது சொல்லாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாப் ஒர்க் உறவுகள் சீசனுக்கு சீசன் மாறுவதால் படத்தின் மூலையில் தேதி போடுவதும் அவசியம். ஆறு மாதம் பழைய படம் தவறான தைரியத்தைத் தரும்.

இந்த ஊரில் ஆர்டர் எடுத்து நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே, உங்கள் சாயப்பட்டறைகள் ஒவ்வொன்றுக்கும் போன் போட்டு, கழிவு நீர் எந்த நிலையத்துக்குப் போகிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். உங்களுக்கு வரும் எந்தப் பில்லிலும் அந்த விவரம் இருக்காது.